கொலுத் தாளில் விழுந்த அறிவியல் மார்க்

“மூணு, மூணு, மூணு. இன்னா மேடம் இது, மார்க்கா, இல்ல பஸ் நம்பரா?”

“அங்காளம்மா, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. பக்கத்துல ஏழாங்கிளாஸ் டெஸ்ட் எழுதுது.”

“எழுதட்டும். நாளைக்கி அதுங்களுக்கும் இந்த மார்க்குதான வரப் போவுது. இப்பவே கேட்டுக்கட்டும்.”

சந்திரிகா மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் தெரியும், அப்படிச் செய்தால் மேடத்துக்குப் பதில் வரவில்லை என்று அர்த்தம். செம்பாக்கம் ஏரிக்கு இந்தப் பக்கம் இருக்கிற அந்த மெட்ரிகுலேஷன் பள்ளியில் இருபத்தாறு வருஷம் சர்வீஸ், அதில் ஒன்பது வருஷமாகக் கோஆர்டினேட்டர். யாரும் அவளை உட்கார வைத்து, ஒரு தாளை மேஜையில் தட்டி, விரலால் குத்திக் குத்திக் கேள்வி கேட்டதில்லை.

கேட்டது அங்காளம்மாள். இரும்புலியூர் சிக்னலுக்குப் பக்கத்தில் காய்கறிக் கடை. கடையை அப்படியே சாக்கால் மூடிவிட்டு வந்திருந்தாள்; புடவைத் தலைப்பில் கொத்தமல்லி வாசனை இன்னும் போகவில்லை. அவள் மகள் தீபா பத்தாம் வகுப்பு. பதினொன்றில் பயாலஜி குரூப் வேண்டும் என்று அந்தப் பெண் ஆறாம் வகுப்பிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தது.

பயாலஜி குரூப்புக்குப் பள்ளியில் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். அரையாண்டில் அறிவியலுக்கு நூறு, ப்ராஜெக்டுக்கு ஐம்பது, மொத்தம் நூற்றைம்பது. அதில் நூறு வாங்கினால் சீட்டு உறுதி. தீபா அரையாண்டில் எழுபத்து நாலு. ப்ராஜெக்டில் இருபத்தொன்று. கூட்டினால் தொண்ணூற்றைந்து. ஐந்து மார்க்கில் அந்தப் பெண் காமர்ஸுக்குப் போக வேண்டும். பட்டியல் வெள்ளிக்கிழமை ஒட்டுவார்கள். அன்றைக்குத் திங்கள்.

“ஹரிபிரசாத்துக்கு நாப்பத்தாறு போட்டுக்கீறீங்க. அந்தப் பையன் கொண்டாந்த தெர்மோகோல் வூட்ட மேற்குத் தாம்பரத்துல எந்தக் கடையில பண்ணாங்கன்னு நான் சொல்லவா? எங்கடைக்கி எதுத்தாப்ல இருக்குது. ரெண்டாயிரத்தி முன்னூறு. லைட்டு எரிஞ்சா எரநூறு எக்ஸ்ட்ரா.”

“யார் பண்ணினதுன்னு ரூப்ரிக்ல கேள்வி இல்லை அங்காளம்மா.”

ரூப்ரிக் என்றால் வேறொன்றுமில்லை. எதற்கு எத்தனை மார்க், எப்படி இருந்தால் முழுசு, எப்படி இருந்தால் பாதி என்று கட்டம் போட்டுச் சொல்லும் தாள். சந்திரிகா அந்த வார்த்தையைச் சொன்னால் பெற்றோர்கள் வழக்கமாகச் சரி மேடம் என்று எழுந்துவிடுவார்கள். அங்காளம்மாள் எழவில்லை.

“அப்ப அதுல இன்னாதான் கேள்வி கீது? எம் பொண்ணு அறுவது நாளு வூடு வூடா ஏறி எறங்கி போர் தண்ணியில எவ்ளோ உப்பு கீதுன்னு மீட்டர் வெச்சி அளந்தா. தண்ணி கேன் போடற சிட்டிபாபு அண்ணங்கிட்ட கெஞ்சி வாங்கின மீட்டரு. அந்த அறுவது நாளுக்கு எந்தக் கட்டம்?”

இந்த இடத்தில்தான் விஷ்ணுப்ரியா வாயைத் திறந்தாள். பயாலஜி டீச்சர். இருபத்தேழு வயசு, ஊரப்பாக்கத்திலிருந்து ரயிலில் தாம்பரம் வந்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோ. பீரோவில் எதையோ தேடுகிற மாதிரி அரை மணி நேரமாக அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

“மேடம், அவங்க கேக்கறது சரியான கேள்விதான்.”

பெற்றோர் முன்னால் ஒரு டீச்சர் இன்னொரு டீச்சரை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது அந்தப் பள்ளியில் எழுதாத சட்டம். சந்திரிகா மறுபடி கண்ணாடியைக் கழற்றினாள். அதற்குள் வாசலில் ஒரு கனைப்பு.

கரஸ்பாண்டென்ட் துரைராஜ். அவர் அப்பா காலத்தில் அந்த இடம் முழுக்கக் கத்திரிக்காய்த் தோட்டம். இவர் காலத்தில் முக்கால்வாசி ப்ளாட்டு, மிச்சம் பள்ளிக்கூடம். தண்ணீர்த் தொட்டி பார்க்க வந்தவர், சத்தம் கேட்டு நுழைந்துவிட்டார். மேஜை மேலிருந்த தாளை எடுத்து, கையை நீட்டித் தூரமாகப் பிடித்து, வாய்விட்டுப் படித்தார்.

“வடிவமைப்பு, பத்து. தோற்றப் பொலிவு, பத்து. நேர்த்தி, பத்து. கருப்பொருள் அஞ்சு. விளக்கிச் சொல்லுதல் பத்து. அறிவியல் உள்ளடக்கம் அஞ்சு.” நிமிர்ந்தார். “டீச்சரம்மா, இந்த வடிவமைப்புக்கும் பொலிவுக்கும் நேர்த்திக்கும் இன்னா வித்தியாசம்?”

“அது வந்து சார், வடிவமைப்புன்னா மொத்தமா எப்படி இருக்குன்னு. பொலிவுன்னா பார்க்க எப்படி இருக்குன்னு.”

“நேர்த்தி?”

“நீட்டா இருக்கான்னு.”

துரைராஜ் தலையை ஆட்டினார். “நானும் ப்ளாட்டு விக்கசொல்ல இதத்தான் பண்ணுவேன். கார்னர் ப்ளாட்டுக்குத் தனி ரேட்டு. ரெண்டு பக்கம் ரோடு இருக்குன்னு அதுக்குத் தனி ரேட்டு. காத்து வருதுன்னு அதுக்கு ஒண்ணு. மூணும் ஒரே மூலைதான். வாங்கறவன் கண்டுபிடிக்கற வரைக்கும் லாபம்.” தாளை வைத்தார். “பசங்ககிட்ட நமக்கு லாபம் வேணாம். கணக்கு சாரையும் இந்தப் பொண்ணையும் சேத்துக்கினு உக்காந்து பாருங்க. வியாழக்கெழம எனக்குச் சொல்லுங்க.”

*

சந்திரிகா அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. அங்காளம்மாள் கத்தியதற்காக இல்லை. துரைராஜ் அந்தத் தலைப்புகளை வாய்விட்டுப் படித்தபோது, இருபத்தாறு வருஷத்தில் முதல் முறையாக அவளுக்குப் பயம் வந்தது. காரணம் இந்த உலகத்தில் அவள் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும்.

காரணம் கொலு.

சந்திரிகா குடியிருப்பது லேக் வியூ காலனி. பெயர்தான் அப்படி, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினாலும் ஏரி தெரியாது. அங்கே நவராத்திரிக்குக் கொலுப் போட்டி. பதினோரு வருஷமாகச் சந்திரிகாதான் நடுவர். முதல் ஆறேழு வருஷம் பரிசு தொடர்ந்து அதே காலனி வேதாவுக்கே போனது. வேதாவின் பொம்மைகள் மூக்கு உடைந்ததும் சாயம் போனதும்தான். ஆனால் படிக்குப் படி ஒரு கதை இருக்கும், கேட்கிற பிள்ளைகள் நகராது. அப்புறம் ஒரு வருஷம் சந்திரிகா வீட்டுச் சுண்டலில் உப்பில்லை என்று வேதா நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டாள். உப்பு உண்மையிலேயே இல்லை, அதுதான் வினை.

அடுத்த நவராத்திரிக்குப் புது மதிப்பெண் தாள் வந்தது. அமைப்பு பத்து, அலங்காரம் பத்து, நேர்த்தி பத்து, கருப்பொருள் ஐந்து, வரவேற்பும் உபசாரமும் பத்து, பக்தி ஐந்து. சீரியல் செட்டு, மோட்டார் அருவி, பட்டுத் துணி விரித்த படி என்று வைத்திருந்த மூன்றாம் பிளாக் பட்டு மாமி ஜெயித்தாள். அடுத்த வருஷமும் அவளே. அதற்கடுத்த வருஷமும். எல்லாம் முறைப்படி, கட்டம் போட்டு, கூட்டிக் காட்டி. யாரும் ஒரு வார்த்தை கேட்க முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பள்ளியில், இனி ப்ராஜெக்டுக்கெல்லாம் ரூப்ரிக் வேண்டும், திங்கட்கிழமை தர வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. சந்திரிகா ஞாயிறு மத்தியானம் கம்ப்யூட்டரைத் திறந்து, கொலுத் தாளை இன்னொரு பெயரில் சேமித்து, தலைப்புகளை மட்டும் மாற்றினாள். உபசாரம் போய் விளக்கிச் சொல்லுதல் வந்தது. பக்தி போய் அறிவியல் வந்தது. மார்க்குகள் போட்டது போட்டபடி இருந்தன. மூன்று வருஷமாகப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அந்தத் தாளில்தான் மார்க் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது அதைப் பிரித்துப் பார்க்க உட்காரப் போகிற கணக்கு சார் யார் தெரியுமா? யக்ஞநாராயணன். வேதாவின் வீட்டுக்காரர்.

*

புதன்கிழமை மூணே முக்காலுக்குப் பிசிக்ஸ் லேபில் உட்கார்ந்தார்கள். யக்ஞநாராயணன் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பேனாக்களும் ஒரு அடி ஸ்கேலும் கொண்டு வந்திருந்தார். அந்த மனுஷன் மளிகைச் சீட்டையே மார்ஜின் போட்டு எழுதுகிறவர்.

“முதல்ல மார்க் லிஸ்ட். மொத்தம் முப்பத்தெட்டுப் பசங்க. வடிவமைப்பு, பொலிவு, நேர்த்தி மூணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தேன். முப்பத்தொரு பேருக்கு மூணும் ஒரே நம்பர், இல்லைன்னா ஒண்ணு முன்னப்பின்ன.” சிவப்புப் பேனாவால் மூன்று வரிசையையும் ஒரே வளையத்துக்குள் அடைத்தார். “மூணு கேள்வி கேட்டு ஒரே பதிலை மூணு தடவை வாங்கியிருக்கோம். அழகா இல்லைன்னா ஒரு தப்புக்கு மூணு அடி.”

“ஐம்பதுல முப்பது,” என்றாள் விஷ்ணுப்ரியா. “அறிவியலுக்கு அஞ்சு. அறிவியல் ப்ராஜெக்ட் சார் இது.”

“இன்னும் இருக்கு. கருப்பொருள் பாருங்க. முப்பத்தெட்டுல முப்பத்தாறு பேருக்கு நாலு. எல்லாருக்கும் நாலுன்னா அந்த வரிசை இருந்தாலும் ஒண்ணு, எடுத்தாலும் ஒண்ணு. அஞ்சு மார்க்குன்னு போட்டிருக்கு, ஆனா யாரையும் மேலயும் தூக்கலை, கீழயும் இறக்கலை. நீங்க ஏன் எல்லாருக்கும் நாலு போட்டீங்க மேடம்?”

சந்திரிகாவுக்குத் தெரியும். கொலுவில் கருப்பொருளுக்கு எல்லாருக்கும் நாலு போடுவது வழக்கம்; சாமி காரியத்தில் குறைக்கக் கூடாது, ஐந்து கொடுத்தால் தலைக்கனம் வரும். “தோணினது போட்டேன்,” என்றாள்.

அடுத்து, எந்த அளவுக்கு இருந்தால் எத்தனை மார்க் என்கிற விளக்கங்கள். விஷ்ணுப்ரியா படித்தாள். “பார்ப்பவர் மனம் குளிரும் வண்ணம் இருந்தால், ஒன்பது முதல் பத்து. மனம் குளிரும் வண்ணம் ஓரளவு இருந்தால், ஆறு முதல் எட்டு. ஓரளவு இருந்தால், மூன்று முதல் ஐந்து.” நிறுத்தினாள். சிரிப்பை அடக்கினதில் காது சிவந்துவிட்டது. “மேடம், ஓரளவுக்கும் ஓரளவு குளிர்றதுக்கும் நடுவுல என்ன வித்தியாசம்னு எழுதலையே.”

“பார்த்தா தெரிஞ்சுடும் விஷ்ணு. அனுபவம்.”

“சோதிச்சுப் பார்த்துடலாம்,” என்றார் யக்ஞநாராயணன். அவருக்கு உலகத்தில் எதையும் சோதித்துப் பார்த்துவிடலாம்.

பீரோ மேல் போன வருஷத்து ப்ராஜெக்டுகள் தூசியோடு கிடந்தன. ஐந்தை இறக்கினார்கள். அவரும் விஷ்ணுப்ரியாவும் முதுகைத் திருப்பிக்கொண்டு, ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல், பழைய ரூப்ரிக்கை வைத்தே தனித்தனியாக மார்க் போட்டார்கள். சந்திரிகா கூட்டிப் பார்த்தாள். ஒரு காற்றாலை மாடலுக்குக் கணக்கு சார் பத்தொன்பது, விஷ்ணுப்ரியா நாற்பத்தொன்று. இருபத்திரண்டு மார்க் வித்தியாசம். ஐந்தில் ஒன்றுகூடப் பத்து மார்க்குக்குள் ஒத்துப் போகவில்லை.

“உங்களுக்கு எதைப் பார்த்தா சார் மனசு குளிரும்?” என்று கேட்டாள் விஷ்ணுப்ரியா.

அவர் நிஜமாகவே யோசித்தார். “மீதி வராம வகுபட்டா.”

சந்திரிகாவும் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு கொஞ்சம் வலித்தது. ஒரு குழந்தையின் மார்க், அது என்ன செய்தது என்பதில் இல்லாமல், மார்க் போட எந்த டீச்சர் வந்தார் என்பதில் இருந்திருக்கிறது. மூன்று வருஷம். வருஷத்துக்கு முப்பத்தெட்டு, நாற்பது பேர். கணக்கு சாரிடம் பெருக்கச் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை.

*

விஷ்ணுப்ரியா வீட்டிலிருந்தே ஒரு புதுத் தாள் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தாள். தோற்றம் மூன்றும் சேர்ந்து ஒன்றே, ஐந்து மார்க். கருப்பொருள் போய், என்ன கேள்வி கேட்டார்கள் என்பதற்குப் பத்து. செய்முறையும் பதிவும் பதினைந்து. கிடைத்ததிலிருந்து என்ன முடிவுக்கு வந்தார்கள், காரணம் சொன்னார்களா, பத்து. விளக்கம் பத்து, தமிழோ இங்கிலீஷோ எதில் வேண்டுமானாலும் சொல்லலாம். கூட்டினால் ஐம்பது.

யக்ஞநாராயணன் பச்சைப் பேனாவை எடுத்தார். “நன்னா இருக்கு. ஒண்ணோட ஒண்ணு மோதலை.”

சந்திரிகா படித்துக்கொண்டே போனாள். பதினைந்து மார்க் கட்டத்துக்கு வந்ததும் நின்றாள். மறுபடி படித்தாள்.

“முழு மார்க்குக்கு என்ன எழுதியிருக்கே? ‘தண்ணீர் அல்லது மண் மாதிரியைப் பல வீடுகளில் எடுத்து, இரண்டு மாதத்துக்குக் குறையாமல் மீட்டரால் அளந்து, தேதிவாரியாகப் பதிவு செய்திருந்தால்.’” கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். “இதுல தீபா பேர் ஒண்ணுதான் எழுதலை.”

விஷ்ணுப்ரியாவின் முகம் மாறியது. “அது நல்ல ப்ராஜெக்ட்தானே மேடம். நல்லதை வெச்சுதானே நல்லது என்னன்னு எழுத முடியும்.”

“ஹர்ஷா பத்து நாள் ரொட்டியில பூஞ்சை வளர்த்தான். நாலு ரொட்டி, நாலு இடம், எல்லாம் வரைஞ்சு வெச்சிருக்கான். பூஞ்சை ரெண்டு மாசம் நிக்காது. மீட்டரும் கிடையாது. அவனுக்கு உன் கட்டத்துல எத்தனை?”

விஷ்ணுப்ரியா தாளைத் தன் பக்கம் இழுத்து அந்தக் கட்டத்தை மறுபடி படித்தாள்.

“தீபாவுக்கு இதுல?”

“போட்டுப் பார்த்தேன். நாற்பத்து நாலு,” என்றாள் விஷ்ணுப்ரியா மெதுவாக. அப்புறம் கொஞ்சம் சூடாக, “பழசுக்கு இது எவ்வளவோ மேல் மேடம். அதை யார் எழுதினாங்களோ, அவங்க எதை நினைச்சு எழுதினாங்கன்னே தெரியலை.”

சொன்னது தற்செயல்தான். சந்திரிகா இந்த இடத்தில் சும்மா இருந்திருந்தால் எல்லாம் சும்மா போயிருக்கும். புதுத் தாளை அப்படியே ஒப்புக்கொண்டால் தீபாவுக்குச் சீட்டு, அங்காளம்மாளுக்குச் சமாதானம், துரைராஜுக்குப் பதில், கொலு கதை கொலுவோடு. ஆனால் ஹர்ஷாவின் ரொட்டி கண் முன்னால் வந்து நின்றது. பூஞ்சை பார்க்க அசிங்கம் என்று அவனுக்கும் இவள் பொலிவில் மூன்றுதான் போட்டிருந்தாள். அந்தப் பையனை ஒரு வாரத்தில் இரண்டாம் தடவை அடிக்க மனசு வரவில்லை.

“எதை நினைச்சு எழுதினேன்னு நான் சொல்றேன்,” என்றாள். “பட்டு மாமி வீட்டுக் கொலுவை.”

அப்புறம் நிறுத்தாமல் சொல்லிவிட்டாள். அமைப்பு, அலங்காரம், நேர்த்தி எல்லாம். பக்தி இருந்த இடத்தில் அறிவியல் வந்தது எல்லாம். “ஒருத்தர் ஜெயிக்கணும்னு முடிவு பண்ணிட்டுத் தாளைத் தைச்சேன். அந்த ரவிக்கை வேற யாருக்கும் பொருந்தாது விஷ்ணு. நீயும் அதையேதான் தைச்சிருக்கே, நல்ல மனசோட தைச்சிருக்கே, அவ்வளவுதான். தையல் எனக்குத் தெரியும். அதனாலதான் கண்ணுல பட்டது.”

விஷ்ணுப்ரியா யக்ஞநாராயணனைப் பார்த்தாள். அவர் மூன்று பேனாக்களையும் மூடி, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக அடுக்கினார். ஸ்கேலால் அவற்றின் தலையைச் சமமாகத் தட்டினார்.

“அப்ப,” என்றார், “ஜெயிக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணினது யாரை?”

“வேதாவை.”

“சுண்டலா?”

“சுண்டல்தான்.”

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். “மூணு வருஷம். நவராத்திரி முடிஞ்ச மறுநாள் எங்க வீட்ல ரசம் மட்டும்தான் மேடம். நான் பட்டு மாமியைத் திட்டிண்டே சாப்பிட்டேன். பாவம், அந்த மாமி என்ன பண்ணுவா.” திரும்பினபோது அவர் உதட்டோரம் லேசாக இழுத்துக்கொண்டிருந்தது. “வேதாகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்கோ. ஹெல்மெட் வேணும்னா என்னோடது தரேன்.”

*

அதற்குப் பிறகு வேலை வேகமாக நடந்தது. யார் ப்ராஜெக்டையும் நினைக்காமல் எழுதுவது என்று முடிவு. சந்திரிகா ஒரு வழி சொன்னாள்: ஒவ்வொரு வரியையும் எழுதினதும், தண்ணீர் அளந்த பிள்ளை, பூஞ்சை வளர்த்த பிள்ளை, மாடல் செய்த பிள்ளை மூன்று பேரும் அந்த வரியில் முழு மார்க் வாங்க வாய்ப்பு உண்டா என்று கேட்பது. இல்லையென்றால் வரியை அடிப்பது.

மனம் குளிர்வதெல்லாம் போய், கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியது வந்தது. ஒரு தடவைக்கு மேல் செய்து பார்த்து, ஒவ்வொரு தடவையும் கிடைத்ததை எழுதியிருந்தால் இத்தனை. ஒரே தடவை செய்து எழுதியிருந்தால் இத்தனை. செய்ததாகச் சொல்கிறார்கள், பதிவு இல்லை என்றால் இத்தனை. ‘ஓரளவு’ என்ற வார்த்தையை யார் சொன்னாலும் பத்து ரூபாய் அபராதம் என்று யக்ஞநாராயணன் விதித்தார். முதல் அபராதம் அவருக்கே விழுந்தது.

முடித்துவிட்டு, பீரோ மேலிருந்து வேறு ஐந்து ப்ராஜெக்டை இறக்கி, மறுபடி முதுகைத் திருப்பிக்கொண்டு போட்டுப் பார்த்தார்கள். அதிகபட்ச வித்தியாசம் நாலு.

யக்ஞநாராயணனுக்கு ஒரு கவலை. “ஆட்டம் முடிஞ்சப்புறம் ரூலை மாத்தறோம். பசங்க பழைய தாளைப் பார்த்துதானே செஞ்சாங்க. அதை நம்பி அழகுபடுத்தினவன் என்ன பாவம் பண்ணினான்?”

அதையும் பேசினார்கள். முப்பத்தெட்டுப் பேருக்கும் புதுசாக மார்க் போடுவது. பழசு, புதுசு இரண்டில் எது அதிகமோ அது நிற்கும். நூறு தொட்டவர்களுக்கெல்லாம் சீட்டு என்பதால் ஒருவர் ஏறினால் இன்னொருவர் இறங்க வேண்டியதில்லை. வரும் வருஷம் முதல், பிள்ளைகள் வேலையைத் தொடங்கும் முன்பே தாள் அவர்கள் கையில் இருக்கும்.

யார் மார்க் போடுவது என்பதிலும் சந்திரிகா பிடிவாதம் பிடித்தாள். தானும் வேண்டாம், விஷ்ணுப்ரியாவும் வேண்டாம். “நான் ஒரு பக்கம் சாய்ஞ்சவ, இவ இன்னொரு பக்கம்.” யக்ஞநாராயணனும், ப்ராஜெக்டுகளைப் பார்வைக்கு வைத்த அன்று லீவில் இருந்த பிசிக்ஸ் சவுரிமுத்து சாரும் போடுவார்கள். தனித்தனியாக. சராசரி எடுப்பார்கள்.

வியாழன் காலை துரைராஜ் தாளைத் தூரமாகப் பிடித்துப் படித்துவிட்டு, “இப்ப கார்னருக்கு ஒரே ரேட்டு,” என்று கையெழுத்துப் போட்டார்.

வியாழன் முழுக்க லேப் பூட்டியிருந்தது; விளக்கம் சொல்ல வந்த பிள்ளைகளுக்கு மட்டும் திறந்து மூடியது. சந்திரிகா அந்தப் பக்கம் நாலு தடவை நடந்தாள். தண்ணீர் குடிக்க என்றாள். தண்ணீர் இருப்பது எதிர்த்திசையில். விஷ்ணுப்ரியா ஒன்பது பி-யில் இதயத்தின் படத்தை வரைந்து, நாலு அறைக்குப் பதில் மூன்று போட்டு, பிள்ளைகள் சொன்ன பிறகு திருத்தினாள். தீபாவுக்கு வேண்டியது இருபத்தாறு. நாற்பத்து நாலு கிடைத்திருக்கும் தாளைக் கிழிக்கச் சொன்னது சந்திரிகா. இருபத்தைந்து வந்தால் என்ன செய்வது என்று இருவருமே ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

நாலரைக்குக் கதவு இவர்களுக்கும் திறந்தது.

தீபாவின் ப்ராஜெக்ட் என்பது தினசரி காலண்டர் தாள்களின் பின்பக்கம். கடையில் கிழிக்கிற தாள், சேஃப்டி பின்னில் கோர்த்தது. சிலதில் தக்காளிக் கறை. ஆனால் ஐந்து வீட்டு போர் தண்ணீரையும் ஒவ்வொரு தடவையும் இரண்டு முறை அளந்து, இரண்டும் ஒத்துப் போகாத நாளில் ஒத்துப் போகவில்லை என்றே எழுதியிருந்தது அந்தப் பெண். மழைக்கு அப்புறம் மூன்று வீட்டில் உப்பு குறைந்தது, ஜி.எஸ்.டி. ரோடு பக்கத்து இரண்டு வீட்டில் குறையவில்லை. அது வரைக்கும் பிரமாதம். கடைசியில், அந்த மூன்று வீட்டுக்காரர்கள் நல்லவர்கள் என்று ஒரு வரி எழுதி, காரணத்தை அதோடு முடித்திருந்தாள்.

செய்முறையிலும் பதிவிலும் பதிமூன்று. முடிவுக்கும் காரணத்துக்கும் இரண்டு. கேள்விக்கு ஆறு, விளக்கத்துக்கு ஐந்து, தோற்றத்துக்கு ஒன்று. இது யக்ஞநாராயணன் போட்டது, கூட்டினால் இருபத்தேழு. சவுரிமுத்து சார் இருபத்தொன்பது. சராசரி இருபத்தெட்டு. எழுபத்து நாலோடு சேர்த்தால் நூற்றிரண்டு.

விஷ்ணுப்ரியா சந்திரிகாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த பிறகுதான் யார் கை என்று பார்த்தாள், ஆனாலும் விடவில்லை.

“நல்லவங்க வீட்ல உப்பு குறையும்னு எழுதியிருக்காளே, அதுக்கு ரெண்டு மார்க் எதுக்கு சார்?” என்றாள் சந்திரிகா.

“மூணு வீட்டையும் ஏரிப் பக்கம்னு படத்துல குறிச்சிருந்தா. அதுக்கு ரெண்டு. நல்லவங்களுக்கு ஒண்ணும் போடலை.”

ஹர்ஷாவுக்கு முப்பத்து மூன்று. ஹரிபிரசாத்துக்குப் புதுத் தாளில் எத்தனை என்று யாரும் வெளியே சொல்லவில்லை; நாற்பத்தாறு நின்றது. வெள்ளிக்கிழமை பட்டியல் ஒட்டினபோது அங்காளம்மாள் தீபா பேரைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டுப் போய்விட்டாள். மத்தியானம் சந்திரிகாவின் மேஜையில் ஒரு பை முருங்கைக்காயும் ஒரு சீட்டும் இருந்தன. ‘மேடம், கத்தினது கத்தினதுதான். காய் இன்னிக்கிப் பறிச்சது.’

வேதாவிடம் சந்திரிகா சனிக்கிழமை நேரில் போய்ச் சொன்னாள். வாசற்கதவு சாத்தியிருந்ததால் உள்ளே நடந்தது முழுசாக யாருக்கும் தெரியாது. முக்கால் மணி நேரம் ஆனது மட்டும் எதிர் பிளாக்குக்குத் தெரியும். வெளியே வந்த சந்திரிகா கையில் ஒரு டப்பா இருந்தது, முகம் அழுத முகம்தான், ஆனால் நடை அழுத நடை இல்லை.

மற்றதெல்லாம் ஊருக்கே தெரிந்த சமாச்சாரம். ஹரிபிரசாத் பயாலஜியில் சேர்ந்து, தவளைப் பாடம் வந்ததும் தானாகவே கம்ப்யூட்டர் குரூப்புக்கு ஓடிவிட்டான். பட்டு மாமி வீட்டை விற்றுவிட்டு மகளோடு பெரும்பாக்கம் போய்விட்டாள், மோட்டார் அருவியோடு. அங்காளம்மாள் இரும்புலியூர்க் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு செம்பாக்கம் மெயின் ரோட்டில் பெரிதாக ஒன்று போட்டிருக்கிறாள். விஷ்ணுப்ரியாவுக்கு வைகாசியில் கல்யாணம், ஊரப்பாக்கத்து மண்டபம், மாப்பிள்ளை ஓசூரில் ஒரு பம்ப் கம்பெனியில். முதல் பந்தியில் சந்திரிகாவும் வேதாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, கூட்டில் தேங்காய் போதவில்லை என்று பேசிக்கொண்டார்கள். கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் விஷ்ணுப்ரியா ஓசூர் போய்விட்டாள். அங்கே ஒரு பள்ளியில் சேர்ந்திருக்கிறாளாம்.